கரு கலைந்த பிறகு வரும் கனவுகள்: தூக்கத்தில் படுக்கையைத் தடவித் தேடுகிறேன்

மலையடிவாரம்

வணக்கம். எனக்குக் கம்பம். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைக் கணக்கு, எழுதுகிறேன். விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. தை மாதக் கடைசியில், 19 வாரத்தில், எனக்குக் குழந்தை தங்காமல் போய்விட்டது. மலை இறங்கும்போது ஜீப்பிலேயே உதிரப்போக்கு ஆரம்பித்தது. கீழே ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு பிரசவம் மாதிரியே வலி எடுத்துப் பிறந்தது. பையன் என்றார்கள். துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். நான் பார்க்கவில்லை, யாரும் காட்டவும் இல்லை.

இப்போது பங்குனி. பகலில் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். ராத்திரிதான் பிரச்சினை. இரண்டு கனவுகள் மாறி மாறி வருகின்றன.

ஒன்று ஜீப் கனவு, விடியும் நேரத்தில்தான் வரும். குழந்தையை ஒரு துணிப்பையில் வைத்து சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கம்பத்தில் எல்லாரோடும் நானும் இறங்கிவிடுகிறேன். ஜீப் திரும்பி மலை ஏறுகிறது. அப்போதுதான் பை ஞாபகம் வருகிறது. கத்தினால் சத்தம் வருவதில்லை. வண்டி நம்பரைப் படிக்கவும் முடிவதில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்க எழுந்துவிடுவேன். அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது.

இன்னொன்றில் ஒன்றுமே நடக்காது. குழந்தை பக்கத்தில் படுத்திருக்கும், கைக்கு அதன் சூடு தெரியும், அவ்வளவுதான். ஆனால் எழும்போது போர்வைக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் வீட்டுக்காரர் லைட்டைப் போட்டு என்ன தேடுகிறாய் என்று கேட்டார். "இங்கதான் இருந்துச்சு" என்றேனாம். அதிலிருந்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. அத்தை வேப்பிலை வைத்துப் படுக்கச் சொல்கிறார். இது பைத்தியத்தின் ஆரம்பமா? இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?

கூடலூர் வாத்தியார்

அம்மா, பயப்படாதே. நான் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இதெல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை. கர்ப்பத்தில் ஏறிய சுரப்புகள் சட்டென்று இறங்கும்போது தூக்கம் கெடும், கனவு கூடும். ஒரு மண்டலம் போனால் உடம்பு சமநிலைக்கு வந்துவிடும், கனவும் நின்றுவிடும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

சின்னமனூர் கோமதி

தங்கச்சி, கனவில் ஆண் குழந்தை பக்கத்தில் படுத்திருந்தால் அடுத்தது ஆண்தான். எனக்கு மூத்தவள் வயிற்றில் இருந்தபோது கனவில் பூ வந்தது, இளையவனுக்குப் பாம்பு வந்தது, இரண்டுமே சரியாக இருந்தது. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கோயிலுக்குப் போய்விட்டு வா. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் திறப்பார்கள். வேண்டிக்கொண்டால் தை பிறப்பதற்குள் தொட்டில் கட்டலாம்.

மலையடிவாரம்

கோமதி அக்கா, அடுத்த குழந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. இந்தக் குழந்தையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

சின்னமனூர் கோமதி

சரிம்மா. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

செங்கோட்டை செவிலி

நான் கேரளாவில் பிரசவ வார்டிலும் பிறகு மனநலப் பிரிவிலும் வேலை பார்த்த நர்ஸ். சொந்த ஊர் செங்கோட்டை. முதலில் அந்தத் தேடுவதைப் பற்றிச் சொல்கிறேன், வீட்டில் எல்லாரும் பயந்திருப்பது அதற்குத்தான்.

நல்லபடியாகக் குழந்தை பெற்று, குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும் அம்மாக்களும் இதையே செய்வார்கள். போர்வையை உதறுவார்கள், கணவனின் கையைப் பிடித்து இழுப்பார்கள், "குழந்தை அடியில மாட்டிக்கிச்சு" என்பார்கள். வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் கனவு ஆராய்ச்சி செய்கிறவர்கள் 2007-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிடம் இது சாதாரணமாகவே காணப்படுகிறது. தூக்கம் துண்டு துண்டாக உடையும்போது மூளையில் ஒரு பகுதி விழித்துக்கொள்கிறது, இன்னொரு பகுதி கனவிலேயே இருக்கிறது. குழந்தையைக் காவல் காக்கும் பகுதிதான் அவசரமாக முதலில் எழும். உங்களுக்கும் 19 வாரத்தில் பிரசவம் நடந்திருக்கிறது. குழந்தை வீட்டில் இல்லை என்பதற்காக அந்தக் காவல் தானாக நின்றுவிடாது.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். லைட் போட்டதும் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது? பகலில் அழுகுரல் கேட்கிறதா? பால் கட்டியதா? ஆஸ்பத்திரியில் ரத்த அளவு பார்த்தார்களா?

வாத்தியார் ஐயா சொன்னதில் பாதி சரி. கர்ப்பத்தில் ஏறும் புரோஜெஸ்டெரோனுக்குத் தூக்கம் கொடுக்கும் குணம் உண்டு. அது இறங்கும்போது தூக்கம் கலையும். ஆனால் அது சீக்கிரம் இறங்கி முடிந்துவிடும். தையில் நடந்ததற்குப் பங்குனியிலும் இதே ஜீப் கனவு வருகிறதென்றால், அதை ஹார்மோன் கணக்கில் எழுத முடியாது.

மலையடிவாரம்

அக்கா, லைட் போட்டால் உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும்தான் அழுகை. பகலில் எதுவும் கேட்பதில்லை.

பால் கட்டியது. வீட்டுக்கு வந்த பிறகு ஜாக்கெட் நனைந்துவிட்டது. பால் வரும் என்று யாரும் சொல்லவே இல்லை. அந்த வாரம் வந்த கனவுகளில் எல்லாம் மழை. ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள், வயிற்றைப் பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டேன். படுத்தால் கால் குடைச்சல் இருக்கிறது. அதுவும் இதில் சேருமா?

செங்கோட்டை செவிலி

சேரும். இரும்புச்சத்து குறைந்தால் படுத்ததும் கால் குடையும், ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். அது ராத்திரியில் திரும்பத் திரும்பத் தூக்கத்தை உடைக்கும். கனவு எல்லாருக்கும் வருகிறது, நடுவில் முழித்தவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் ரத்தப் பரிசோதனையோடு, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வகை இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மழைக் கனவு ஆச்சரியமில்லை. தூங்கும்போது உடம்பில் படுவது கனவுக்குள் போகும். நெஞ்சு ஈரமானால் கனவில் மழை பெய்யலாம். நான்கு மாதம் தாண்டிக் கலைந்தவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பால் வரலாம் என்பதைச் சொல்லி அனுப்புவது வார்டின் கடமை. பல இடத்தில் சொல்வதில்லை. அதில் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம் உண்டு.

வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள். தேடும்போது கேள்வி கேட்கவோ உலுக்கவோ வேண்டாம். மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். நன்றாக முழித்த பிறகும் குழந்தை இங்கே இருக்கிறது என்று நீங்கள் சாதித்தாலோ, பகலில் குரல் கேட்டாலோ, தூக்கமே தேவையில்லை என்பதுபோலப் பரபரப்பாக இருந்தாலோ, குழந்தை போன இடத்துக்கே போய்விடலாம் என்று தோன்றினாலோ காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ராத்திரி நேரமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் மனநல எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை.

போடி மெடிக்கல்ஸ்

எங்கள் கடையில் இந்த மாதிரி நிறையப் பேர் வருகிறார்கள். அல்பிரசோலம் அரை மாத்திரை, ஒரு வாரம். கனவே வராது. எதற்கு இவ்வளவு நீளமாகப் பேசிக்கொண்டு?

செங்கோட்டை செவிலி

அண்ணா, சீட்டு இல்லாமல் அதைக் கொடுப்பது தப்பு என்று உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள். கனவு வராது என்பது மாத்திரை போடும்வரைதான். சில வாரம் போட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், அடங்கிக் கிடந்த கனவெல்லாம் இன்னும் உக்கிரமாக வரும். குடித்துவிட்டுத் தூங்குகிறவர்கள் குடியை நிறுத்தியதும் பயங்கரக் கனவு வருகிறது என்பார்களே, கிட்டத்தட்ட அதே கதை. டாக்டர் கொடுத்து ஏற்கெனவே எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்த வேண்டாம். கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

போடி மெடிக்கல்ஸ்

சீட்டோடு வருகிறவர்களைத்தான் சொன்னேன்.

லோயர்கேம்ப் ஜீப்

நான் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டிரைவர். இந்த அக்கா எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் வண்டியில் இல்லை, ஆனால் எத்தனை பேரை இப்படி இறக்கிவிட்டிருக்கிறேனோ தெரியவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி முழித்துவிடுவேன், உடம்பை அசைக்க முடியாது, நெஞ்சில் ஏறி யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். அமுக்குவான் பேய் என்று அப்பா சொல்வார். என் மனைவிக்கு 10 வாரத்தில் கலைந்த பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. கலைந்த கருவின் ஆவி என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதுவா?

செங்கோட்டை செவிலி

ஆவி இல்லை தம்பி. கனவு நேரத்தில் கை கால் ஆடிவிடாமல் உடம்பு பூட்டிக்கொள்ளும். சில சமயம் அந்தப் பூட்டு திறப்பதற்குள் கண் திறந்துவிடும். தூக்கம் பற்றாதவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். நேரங்கெட்ட நேரத்தில் எழுந்து வண்டி எடுக்கிறவர் நீங்கள், அதோடு துக்கமும் சேர்ந்திருக்கிறது.

அதைவிட எனக்குப் பட்டது வேறு. மனைவிக்குக் கலைந்தது என்று எழுதுகிறீர்கள். உங்களுக்கும்தானே?

லோயர்கேம்ப் ஜீப்

10 வாரம்தானே, அது என்ன பெரிய விஷயம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

பெரியாறு மேரி

வண்டிப்பெரியாற்றிலிருந்து எழுதுகிறேன். என் மகள்தான் டைப் செய்கிறாள். தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தேன். எனக்கு மூத்த பையன் நிறைமாதத்தில் இறந்தே பிறந்தான். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். என்னைப் போகவிடவில்லை. பேரும் வைக்கவில்லை.

அவன் இன்னும் கனவில் வருகிறான். ஆனால் குழந்தையாக இல்லை. வளர்ந்துகொண்டே வருகிறான். கொஞ்ச காலம் ஸ்கூல் பையோடு வந்தான். என் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷம் மீசையோடு வந்து பந்தலில் நின்றான். வாரத்துக்கு ஒருதரம் வந்தவன் இப்போது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம்தான் வருகிறான். முன்னே எல்லாம் எழுந்தால் அழுவேன். இப்போது அன்றைக்குப் பூராவும் மனசு நன்றாக இருக்கும். மகளிடம்கூட இதை இப்போதுதான் சொல்கிறேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மகளே, உன் கனவு பைத்தியம் இல்லை.

கூடலூர் வாத்தியார்

மேரி அம்மா சொன்னதற்கு என்னிடம் உயிரியல் பதில் இல்லை. செவிலி அம்மாவிடம் ஒரு கேள்வி. ஜீப் கனவு ஏன் எப்போதும் விடியும் நேரத்திலேயே வருகிறது? பலிக்கும் என்பது மூடநம்பிக்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரத்துக்கு ஏதோ காரணம் இருக்க வேண்டுமே?

செங்கோட்டை செவிலி

இருக்கிறது ஐயா. தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றாக ஓடும். முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், கனவு கொஞ்சம். போகப் போகக் கனவுப் பகுதி நீண்டுகொண்டே வரும். விடியும் முன்னால்தான் அது உச்சம். அந்தக் கனவுகள்தான் கதைபோல நீளமாக இருக்கும், முழித்ததும் ஞாபகமும் இருக்கும். அதனாலேயே நம் முன்னோர்கள் அந்த நேரத்துக் கனவைப் பெரிதாக எடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

மலை ஏறும் பெண்கள் சமைத்து வைத்துவிட்டுப் போக நான்கு மணிக்கே அலாரம் வைக்கிறார்கள். கனவு உச்சத்தில் இருக்கும்போது அலாரம் அதை நடுவில் வெட்டுகிறது. ஜீப் கனவு முடிவதற்குள் எழுப்பிவிடுகிறது, எழுந்ததும் நிஜ ஜீப்பில் ஏற வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அதுதான் கொடுமை. எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினாய் அம்மா? கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961 மகப்பேறு நலச் சட்டம் வந்ததிலிருந்தே இருக்கும் உரிமை. தோட்டங்களுக்கும் அது பொருந்தும்.

மலையடிவாரம்

இரண்டு வாரத்தில் போய்விட்டேன். ஆறு வாரம் என்று எனக்குத் தெரியாது, கணக்கர் சொல்லவும் இல்லை. வீட்டில் சும்மா கிடந்தால் இன்னும் பைத்தியம் பிடிக்கும் என்றும் நினைத்தேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஜீப் கனவு நிற்க வேண்டும். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் கனவு போய்விடக் கூடாது. நான் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. கனவிலும் முகம் தெரிவதில்லை, ஆனால் சூடு தெரிகிறது. அது மட்டும்தான் எனக்கு இருக்கிறது. மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

செங்கோட்டை செவிலி

இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. நீ ஒரே துக்கத்திலிருந்து வரும் இரண்டு வேறு கனவுகளைச் சொல்கிறாய். இரண்டையும் ஒரே மருந்தால் அடிக்கத் தேவையில்லை.

பக்கத்தில் படுத்திருக்கும் கனவு துக்கக் கனவு. எழும்போது வலிக்கிறது, ஆனால் கனவுக்குள் பயம் இல்லை. அதை அப்படியே விட்டுவிடு. இருக்கிறவரை இருக்கட்டும், மாறினால் மாறட்டும்.

ஜீப் கனவு வேறு. அதே காட்சி, அதே இடத்தில் வந்து நிற்கிறது, படபடப்போடு எழுப்புகிறது, மறுபடி தூங்கவிடுவதில்லை. நடந்த சம்பவம் ஜீரணமாகாமல் திரும்பத் திரும்ப மேலே வருவது அது. உதிரம் ஆரம்பித்ததும் ஜீப்பில்தான், நீ பார்க்காமலேயே துணியில் சுற்றிக் கொண்டுபோனதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துத் துணிப்பை ஆக்கியிருக்கிறது உன் மூளை. இந்த மாதிரிக் கனவை மாற்ற ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்காவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் செய்து பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள், கெட்ட கனவு குறைந்தது, தூக்கமும் தேறியது. கரு கலைந்தவர்களுக்கென்று உண்டானதல்ல அது. ஆனால் ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு மனநலப் பிரிவில் நாங்களும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பகலில் செய், படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். கனவை இப்போது நடப்பதுபோல ஒரு தாளில் எழுது. பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்று. எப்படி மாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், உனக்கு எது சரியென்று தோன்றுகிறதோ அது. மாற்றிய கதையைப் புதிதாக எழுது. பழையதை மறுபடி எடுத்துப் படிக்காதே. தினமும் பத்து நிமிஷம், அதிகம் போனால் இருபது நிமிஷம், கண்ணை மூடிப் புதுக் கதையை மட்டும் ஓட்டிப் பார். சில வாரம் ஆகும். எழுதும்போதே மூச்சு முட்டினால், பகலிலும் அந்தக் காட்சி வந்து அடித்தால், நிறுத்திவிடு. அப்போது பக்கத்தில் ஒருவர் இருந்து செய்ய வேண்டும், தேனி மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போ.

கூடலூர் வாத்தியார்

கனவு என்பது தானாக வருவது. பகலில் கதை எழுதினால் அது எப்படிக் கேட்கும்?

செங்கோட்டை செவிலி

பரீட்சைக்குப் படிக்காத பயத்தைப் பகலெல்லாம் சுமந்தால் ராத்திரி பரீட்சைக் கனவு வருகிறதே, அது மட்டும் எப்படிக் கேட்டது? திரும்பத் திரும்ப வரும் கனவு ஒருவகையில் பழகிப்போன தடம். பகலில் வேறு தடத்தை மிதித்து வைத்தால் சிலருக்கு ராத்திரியில் கால் அங்கே போகிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை.

சின்னமனூர் கோமதி

எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. கடவுள் காட்டுவதை நாம் மாற்றி எழுதலாமா? குழந்தை ஏதோ சொல்ல வருகிறது என்றால்?

மலையடிவாரம்

கோமதி அக்கா, எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. மாற்றினால் அவனை மறுபடி விட்டுவிட்ட மாதிரி ஆகுமோ என்று. இருந்தாலும் செய்து பார்க்கிறேன்.

மலையடிவாரம் (சித்திரையில் எழுதியது)

எல்லாருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எழுதிய கதையில் பையைத் திறந்தால் குழந்தை உயிரோடு சிரிப்பதாக எழுதினேன். அது வேலைக்கு ஆகவில்லை. கண்ணை மூடி ஓட்டிப் பார்த்தபோதே மனசு பொய் என்றது. அந்த வாரம் கனவு இன்னும் மோசமாக வந்தது.

அப்புறம் செவிலி அக்காவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். சந்தோஷமான முடிவுதான் வேண்டும் என்று இல்லை, உன்னால் ஏதாவது செய்ய முடிகிற முடிவு போதும் என்றார். இரண்டாவதாக எழுதியது இதுதான். ஜீப் கம்பத்துக்கு வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், நான் இறங்கவில்லை. டிரைவரிடம் நிறுத்துங்கள் என்கிறேன். குனிந்து பையை எடுக்கிறேன். அதைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எங்கள் அப்பத்தா வீட்டுக்கு நடந்துபோய்த் திண்ணையில் அவள் கையில் கொடுக்கிறேன். அப்பத்தா இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது. வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அவ்வளவுதான்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் ஓட்டிப் பார்த்தேன். ஜீப் கனவு அடியோடு போய்விடவில்லை. ஆனால் குறைந்திருக்கிறது. ஒருதரம் கனவிலேயே நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன், சத்தம் வந்தது, அந்தச் சத்தத்தில் வீட்டுக்காரரும் எழுந்துவிட்டார். அப்பத்தா ஒருமுறைகூட வரவில்லை. இரும்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், கால் குடைச்சல் பரவாயில்லை. நடு ராத்திரியில் முழிப்பதும் குறைந்திருக்கிறது.

பக்கத்தில் படுத்திருக்கும் கனவு வருகிறது. முன்னைவிடக் குறைவு. அதில்தான் எனக்கு வருத்தம்.

பெரியாறு மேரி

குறையும் மகளே. என் பையனும் நடுவில் இரண்டு மூன்று வருஷம் வரவே இல்லை. போய்விட்டான் என்று நினைத்தேன். அப்புறம் வந்தான்.

கூடலூர் வாத்தியார்

நான் சொன்ன ஒரு மண்டலக் கணக்கு இங்கே செல்லவில்லை போலிருக்கிறது. ஆனால் இரும்பு மாத்திரைக்கும் கதை எழுதியதற்கும் எதற்கு எவ்வளவு பங்கு என்று எப்படித் தெரியும்? தானாகவே குறையும் காலமும் வந்திருக்கலாம் அல்லவா?

செங்கோட்டை செவிலி

வந்திருக்கலாம் ஐயா. இவளுக்கு எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜீப் கனவு கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் மாறியது என்பதால் பயிற்சிக்குப் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன், அவ்வளவுதான்.

மலையடிவாரம், முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்கிறேன். உனக்குத் தேதி ஆனியில் கொடுத்திருப்பார்கள். அந்த வாரங்களில் கனவு மறுபடி கூடலாம். பகலில் மறந்திருந்தாலும் பலருக்கு அந்தத் தேதியை ஒட்டித் தூக்கம் கெடும். ஜீப் கனவு திரும்ப வந்தால் எல்லாம் வீண் என்று நினைக்காதே, மாற்றி எழுதிய புதுக் கதைத் தாளை எடுத்து மறுபடி ஆரம்பி.

லோயர்கேம்ப் ஜீப்

செவிலி அக்கா, நான் ஒருக்களித்துப் படுக்கிறேன், அமுக்குவது குறைந்திருக்கிறது. வேறொன்று கேட்க வேண்டும். என் மனைவிக்கு ஸ்கேன் ரூம் கனவு வருகிறது. டாக்டர் திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாராம். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு கனவு வருகிறது, அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் கூப்பிடவில்லை. அவளிடம் சொன்னதில்லை. 10 வாரம்தானே என்று சொன்னவன் இப்போது போய் இதைச் சொன்னால் அவள் பாரம் கூடுமா?

செங்கோட்டை செவிலி

10 வாரம் என்பதை வைத்து எதையும் அளக்காதீர்கள். லண்டன் மருத்துவமனைகளில் ஆரம்ப வாரங்களில் கரு போன பெண்களைத் தொடர்ந்து கேட்டு 2020-ல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கு விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது மாதிரியான அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு இருந்தன. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவும் அந்த அறிகுறிகளில் ஒன்று. உங்கள் மனைவி சொல்லும் ஸ்கேன் கனவு எனக்கு அந்த வகையாகத்தான் தெரிகிறது.

சொல்வதைப் பொறுத்தவரை, ராத்திரி அவர் முழித்து அழும்போது உங்கள் கனவைச் சொல்ல வேண்டாம். பகலில், வேலை இல்லாத நேரத்தில், முதலில் அவர் கனவை முழுசாகக் கேளுங்கள். பிறகு உங்களுடையதைச் சொல்லலாம். அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று என்னால் சொல்ல முடியாது.

மலையடிவாரம்

அண்ணே, சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுக்காரர் இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஜீப் கனவில் கத்திய அன்றைக்குத்தான், அந்தத் துணியை வாங்கிக்கொண்டு போனது அவர்தான் என்று சொன்னார். எங்கே வைத்தார் என்றும் சொன்னார். இதுவரை அவரை யாரும் கேட்கவில்லையாம். முகத்தைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். எப்படி இருந்தான் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

கோமதி அக்கா, மங்கலதேவிக்கு நாங்கள் இருவரும் போனோம். கூட்டத்தில் அரை நிமிஷம்தான் நிற்கவிட்டார்கள். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஆனியில் அந்த வாரத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். கணக்கர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.